‘அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது’: மண்டபம் அனுப்பும் அந்த ஒற்றை வரி செல்லுமா? எப்படி எழுதியிருக்க வேண்டும்?

போடிநாயக்கனூரில் வைகாசி முகூர்த்தத்துக்கு மண்டபம் வேண்டும் என்றால் கார்த்திகையிலேயே பணத்தைக் கட்டிவிட வேண்டும். பொட்டிபுரம், ராசிங்கபுரம், சிலமலை பக்கத்துக் குடும்பங்களும் சரி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருப்பவர்களும் சரி, பெரிய கல்யாணம் என்றால் போடிக்கோ தேனிக்கோதான் இறங்கி வருகிறார்கள். முன்பு மேனேஜரிடம் ரொக்கமாகக் கொடுத்து ஒரு துண்டு ரசீது வாங்குவார்கள். இப்போது யு.பி.ஐ-யில் பணம் போகிறது, வாட்ஸ்அப்பில் பதில் வருகிறது.

அந்தப் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

> வணக்கம். வைகாசி 23 தங்கள் புக்கிங் உறுதி செய்யப்பட்டது. அட்வான்ஸ் ரூ.30,000 பெறப்பட்டது. அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. நன்றி.

கல்யாணம் நல்லபடியாக நடந்துவிட்டால் இந்த மெசேஜை யாரும் திரும்பப் படிப்பதில்லை. நிச்சயம் முறிந்தாலோ, வீட்டில் ஒரு துக்கம் நடந்து தேதி தள்ளிப்போனாலோதான் படிக்கிறார்கள். அப்போது மண்டபத்துக்காரர் "நாங்கதான் மெசேஜ்லயே சொல்லியிருக்கோமே" என்கிறார். குடும்பம் "அது பணம் கட்டின பிறகுதானே வந்துச்சு" என்கிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. சிக்கல் அந்த மெசேஜில் இருக்கிறது. அதைச் சரியாக எழுதினால் வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல, மண்டபத்துக்கும் லாபம்தான்.

அந்த வரி ஏன் பலவீனமானது?

மண்டபத்துக்காரர்கள் ‘எக்காரணம் கொண்டும்’ என்று எழுதுவது பாதுகாப்புக்காக. சட்டத்தின் முன்னால் அந்தச் சொல் அவர்கள் நினைக்கிற அளவுக்குப் பலம் தருவதில்லை.

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 74 சொல்வது இதுதான்: ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தாலும், அந்தத் தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் ‘நியாயமான இழப்பீடு’ எவ்வளவோ அவ்வளவுதான் எடுத்துக்கொள்ள முடியும்.

இதை விளக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1947-ல் மௌலா பக்ஷ் என்ற ஒப்பந்ததாரர் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு, கோழி, முட்டை, மீன் சப்ளை செய்ய ஒப்புக்கொண்டு ரூ.10,000, ரூ.8,500 என இரண்டு வைப்புத்தொகை கட்டினார். ஒழுங்காக சப்ளை செய்யவில்லை. அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தை எடுத்துக்கொண்டது. தவறு ஒப்பந்ததாரர் பக்கம்தான். ஆனாலும் 1969-ல் உச்ச நீதிமன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. வெளிச்சந்தையில் என்ன விலைக்கு வாங்க வேண்டியிருந்தது, எவ்வளவு நஷ்டம் என்று அரசு காட்டவே இல்லை என்பதுதான் காரணம்.

இன்னொரு வழக்கு மண்டப விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். 1982-ல் டெல்லி வளர்ச்சி ஆணையம் நடத்திய ஏலத்தில் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் ஒரு மனையை ரூ.3.12 கோடிக்கு எடுத்து, 25 சதவீதமாக ரூ.78 லட்சம் கட்டியது. விவகாரம் வருடக்கணக்கில் இழுத்தது. மீதிப் பணம் வரவில்லை என்று சொல்லி ஆணையம் ரூ.78 லட்சத்தையும் பறிமுதல் செய்துவிட்டு, 1994-ல் அதே மனையை ரூ.11.78 கோடிக்கு மறு ஏலம் விட்டது. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, அந்த நிறுவனம் ஒப்பந்தத்தை மீறவே இல்லை. இரண்டு, மனை அதிக விலைக்கு விற்றுவிட்டதால் ஆணையத்துக்கு நஷ்டமும் இல்லை. நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடு எங்கிருந்து வரும்? பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவானது.

மனை என்று இருக்கும் இடத்தில் முகூர்த்த நாள் என்று போட்டுப் பாருங்கள். ஒரு குடும்பம் ரத்து செய்த தேதியை மண்டபம் இன்னொரு குடும்பத்துக்கு அதே வாடகைக்குக் கொடுத்துவிட்டது. அதன் பிறகும் முதல் குடும்பத்தின் ரூ.30,000-ஐ முழுசாக வைத்துக்கொள்வதை எந்தக் கணக்கில் நியாயப்படுத்துவது?

‘அட்வான்ஸ்’ என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம்

பேச்சுவழக்கில் எல்லாமே அட்வான்ஸ்தான். சட்டத்தில் இரண்டு வகை உண்டு. ‘நான் பின்வாங்க மாட்டேன்’ என்பதற்கு உறுதியாகக் கொடுக்கும் முன்பணம் ஒன்று. மொத்த வாடகையில் முதல் தவணையாகக் கட்டுவது இன்னொன்று. பின்வாங்கினால் முதல் வகையை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வகையை அப்படியே பறிமுதல் செய்ய முடியாது.

ஒரு பணம் எந்த வகை என்பதை எப்படித் தீர்மானிப்பது? சதீஷ் பத்ரா வழக்கில் 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன விடை: பறிமுதல் செய்ய வேண்டுமானால், ஒப்பந்த வாசகம் அதைத் தெளிவாகவும் வெளிப்படையாகவும் சொல்லியிருக்க வேண்டும். அதாவது ரூ.30,000-ல் எவ்வளவு ‘பதிவை உறுதி செய்யும் பணம்’, எவ்வளவு ‘வாடகையின் ஒரு பகுதி’ என்று பிரித்து எழுதாத மண்டபம், தன் கையிலிருக்கும் நியாயமான உரிமையையும் சேர்த்தே பலவீனப்படுத்திக்கொள்கிறது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ம் இதோடு சேர்கிறது. ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு நுகர்வோர் மீது அபராதம் போடும் நிபந்தனையை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று அந்தச் சட்டத்தின் பிரிவு 2(46) வரையறுக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று எழுதுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. ‘நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் பதிவை ரத்து செய்யலாம்’ என்று ரசீதில் அச்சடித்து வைத்திருப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

சரி, மண்டபத்துக்கு உண்மையில் என்ன நஷ்டம்?

மெசேஜை எழுதுவதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு இது. புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனை மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். வாடகை ரூ.1,00,000. முதல் நாள் மாலையிலிருந்து மறுநாள் பிற்பகல் வரை. நிகழ்ச்சி 2027 ஜூன் 6, ஞாயிற்றுக்கிழமை. 2026 நவம்பரில் ரூ.30,000 கட்டியாகிவிட்டது.

நிகழ்ச்சி ரத்தானால் மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு ஆட்கள் கூலி எதுவும் மண்டபத்துக்குச் செலவாகாது. நஷ்டம் என்பது அந்தத் தேதி காலியாகப் போவது மட்டும்தான். அது காலியாகப் போகுமா என்பது எப்போது ரத்து செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஜனவரியில் சொன்னால் வேறு குடும்பம் கிடைத்துவிடும். ஆடி, மார்கழியில் கல்யாணம் கிடையாது, புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். மிச்சமிருக்கும் மாதங்களின் முகூர்த்த நாட்களுக்குத்தான் எல்லோரும் மோதுகிறார்கள். ஆனால் மே கடைசியில் சொன்னால் கதை வேறு. பத்து நாளில் கல்யாணம் வைக்க மண்டபம் தேடி யாரும் வர மாட்டார்கள்.

ஆகவே நியாயமான பிடித்தம் என்பது ஒரே தொகையாக இருக்க முடியாது. நாள் நெருங்க நெருங்க ஏற வேண்டும். பிடித்தத்தின் படிநிலைகள் இப்படி இருக்கலாம்:

- பிப்ரவரி 5 வரை ரத்து செய்தால் பிடித்தம் ரூ.3,000
- பிப்ரவரி 6 முதல் ஏப்ரல் 5 வரை ரூ.12,000
- ஏப்ரல் 6 முதல் மே 5 வரை ரூ.21,000
- மே 6 முதல் முழு ரூ.30,000

இங்கே ‘120 நாட்களுக்கு முன்’ என்று எழுதாமல் தேதியையே எழுதியிருப்பதைக் கவனிக்கலாம். நாள் கணக்கு எந்த நாளிலிருந்து என்பதிலேயே பாதிச் சண்டை வருகிறது. முகூர்த்தம் ஞாயிறு காலை, ஆனால் மண்டபம் கைக்கு வருவது சனி மாலை. தேதி போட்டுவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

மறு பதிவு நடந்தால் என்ன?

பெரும்பாலான மண்டபங்களின் விதிகளில் விட்டுப்போகும் வரி இதுதான். மேலே சொன்ன கணக்கிலேயே பார்ப்போம். குடும்பம் ஏப்ரல் 20-ம் தேதி ரத்து செய்கிறது. மண்டபம் ரூ.21,000 பிடித்துக்கொண்டு ரூ.9,000 திருப்பித் தருகிறது. மே 2-ம் தேதி வேறொரு குடும்பம் அதே நாளை ரூ.1,00,000-க்கு எடுக்கிறது. இப்போது ஒரே நாளுக்கு மண்டபத்தின் வரவு ரூ.1,21,000. கைலாஷ் நாத் வழக்கின் சாயல் இங்கே தெரிகிறது.

மறு பதிவு விதி இருந்தால், ரூ.3,000-ஐ மட்டும் அலுவலகச் செலவாக வைத்துக்கொண்டு மேலும் ரூ.18,000 திரும்பிவிடும். புதிய குடும்பம் ரூ.90,000-க்குத்தான் எடுத்தது என்றால், வாடகையில் குறைந்த ரூ.10,000-ம் அந்த ரூ.3,000-ம் சேர்ந்து பிடித்தம் ரூ.13,000. கூடுதலாகத் திரும்புவது ரூ.8,000. இரண்டு கணக்கிலும் மண்டபத்துக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை.

மறு பதிவு நடந்ததை வாடிக்கையாளர் எப்படித் தெரிந்துகொள்வது? போடி அளவிலான ஊரில் அது பெரிய ரகசியம் இல்லை. அந்த நாளில் மண்டப வாசலில் யார் பெயரில் ஃபிளெக்ஸ் நிற்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அதனால்தான் இந்த விதி எழுத்தில் இல்லாதபோது மனக்கசப்பும் அதிகமாகிறது.

மலைப்பாதை அடைபட்டால் யார் பொறுப்பு?

‘எக்காரணம்’ என்ற சொல் எல்லாக் காரணங்களையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது. மூன்றைத் தனித்தனியே பிரிக்க வேண்டும்.

முதலாவது, மண்டபத்தால் இடம் தர முடியாமல் போவது. இரட்டைப் பதிவு, கட்டடப் பழுது, உரிமப் பிரச்சினை எல்லாம் இதில் வரும். முழுப் பணமும் திரும்ப வேண்டும். கடைசி நேரம் என்றால் கூடுதல் இழப்பீடும் நியாயம்தான்.

இரண்டாவது, அரசுத் தடை. 2020 மார்ச் ஊரடங்கில் இது நடந்தது. நிகழ்ச்சி நடத்துவதே சட்டப்படி முடியாமல் போனால், ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 56-ன்படி ஒப்பந்தம் செல்லாததாகிறது. பிரிவு 65-ன்படி வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் அதே 2020 மே மாதத்தில், திருமணத்துக்கு 50 விருந்தினர்கள் வரை வரலாம் என்று மத்திய அரசு தளர்த்தியபோது புதுக் குழப்பம் வந்தது. தடை இல்லை. ஆனால் 600 பேர் அமரும் மண்டபத்தை 50 பேருக்கு எடுப்பதில் அர்த்தமும் இல்லை. ஆகவே ‘தடை’ என்பதோடு ‘எண்ணிக்கைக் கட்டுப்பாடு’ என்பதையும் மெசேஜில் சேர்ப்பது நல்லது. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையமும் 2020 செப்டம்பரில் திருமண மண்டபங்களுக்கு இதே மாதிரி தெளிவு தந்தது. பொதுமுடக்கத்தால் நடக்காத திருமணத்துக்குப் பணம் திரும்ப வேண்டும், ‘திருப்பித் தரப்படாது’ என்று பெயரிட்டதால் மட்டும் ஒரு தொகையை வைத்துக்கொள்ள முடியாது என்பதே அதன் நிலை.

மூன்றாவது, இந்த ஊருக்கே உரிய சிக்கல். கனமழையில் போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து, பூப்பாறை பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பெண் வீட்டார் இறங்க முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். மண்டபம் திறந்துதான் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. இது மண்டபத்தின் தவறு இல்லை. சட்டப்படி ‘நடத்தவே முடியாத’ நிலை என்றும் எளிதில் வாதிட முடியாது. இங்கே முழுப் பணத்தையும் கேட்பது மண்டபத்துக்கு அநியாயம், ஒன்றுமே இல்லை என்பது குடும்பத்துக்கு அநியாயம். தேதி மாற்றம்தான் நடுவழி. ஒரு தடவை, கூடுதல் கட்டணம் இல்லாமல், ஆறு மாதத்துக்குள் காலியாக இருக்கும் வேறு நாள். குடும்பத்தில் நெருங்கிய உறவினர் இறப்புக்கும் இதே விதி பொருந்தும்.

திருத்தப்பட்ட மெசேஜ் எப்படி இருக்கும்?

இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, இது பணம் வாங்குவதற்கு முன் போக வேண்டும். பணம் கைமாறிய பிறகு ஒரு தரப்பு மட்டும் சேர்க்கும் நிபந்தனைக்கு மற்றவர் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. ஏலக்காய் ஏலத்தில்கூட மாதிரியைப் பார்த்த பிறகுதான் விலை சொல்கிறார்கள். இரண்டாவது, நீளமான மெசேஜை வாட்ஸ்அப் பாதியில் மடித்துவிடும். அதனால் கிடைக்காத பணம் எவ்வளவு என்பது முதல் சில வரிகளுக்குள் வந்துவிட வேண்டும்.

> வணக்கம். பணம் கட்டும் முன் படிக்கவும்.
>
> நீங்கள் கட்டப்போவது ரூ.30,000. இதில் ரூ.3,000 பதிவுக் கட்டணம், நீங்கள் ரத்து செய்தால் திரும்பாது. ரூ.27,000 வாடகையின் ஒரு பகுதி, ரத்து செய்யும் தேதியைப் பொறுத்துத் திரும்பும்.
>
> நேரம்: 5.6.2027 சனி மாலை 4 மணி முதல் 6.6.2027 ஞாயிறு மாலை 3 மணி வரை.
> மொத்த வாடகை: ரூ.1,00,000 (வரி உட்பட). மின்சாரம், டீசல், துப்புரவு தனி.
>
> ரத்து செய்தால் திரும்பும் தொகை:
> 5.2.2027 வரை – ரூ.27,000
> 5.4.2027 வரை – ரூ.18,000
> 5.5.2027 வரை – ரூ.9,000
> அதன் பிறகு – இல்லை. மீதி வாடகையும் கேட்க மாட்டோம்.
>
> அந்தத் தேதி வேறொருவருக்குப் பதிவானால் ரூ.3,000-ம், வாடகை குறைந்திருந்தால் அந்த வித்தியாசமும் போக, மீதி திரும்பும்.
>
> எங்களால் மண்டபம் தர முடியாவிட்டாலோ, அரசுத் தடை அல்லது 100 பேருக்குக் குறைவான கட்டுப்பாடு வந்தாலோ முழு ரூ.30,000 திரும்பும்.
>
> நெருங்கிய உறவினர் இறப்பு, மலைப்பாதை அடைப்பு: ஒருமுறை இலவசத் தேதி மாற்றம், 6 மாதத்துக்குள்.
>
> பதிவு செய்தவர் மட்டுமே இந்த எண்ணிலிருந்து ரத்து செய்யலாம். பணம் வந்த கணக்குக்கே 7 நாளில் திரும்பும்.
>
> சம்மதம் என்றால் ‘சம்மதம்’ என்று பதில் அனுப்பிவிட்டுப் பணம் கட்டவும்.

கடைசிக்கு முந்தைய வரி சின்னதாகத் தெரியலாம். நிச்சயம் முறிந்த குடும்பங்களில் பணம் கட்டியது தாய்மாமன், ரசீது பெண்ணின் அப்பா பெயரில், திருப்பிக் கேட்பது மாப்பிள்ளை வீடு என்று ஆகிவிடும். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர் சண்டைக்கு வருவார். ஒரு பெயர், ஒரு எண், ஒரு கணக்கு என்று முதலிலேயே எழுதிவிட்டால் மண்டப மேனேஜர் இந்தப் பஞ்சாயத்திலிருந்து தப்பிக்கலாம்.

‘அண்ணே, இப்படி எழுதினா எல்லாரும் கேன்சல் பண்ணுவாங்களே?’

மண்டபத்துக்காரர்களின் இந்தப் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. மூன்று மண்டபத்தில் பணம் போட்டுவைத்து, கடைசியில் இரண்டை ரத்து செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் திரும்பாத ரூ.3,000-ம், ஏறிக்கொண்டே போகும் படிகளும். ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்த குடும்பம் ரத்து செய்வதைக் கடைசி வாரம் வரை சொல்லாமலே வைத்திருக்கும், ஏனென்றால் சொல்லி லாபமில்லை. பிப்ரவரி 5-க்குள் சொன்னால் ரூ.27,000 வரும் என்று தெரிந்த குடும்பம் பிப்ரவரி 4-ம் தேதி போன் செய்துவிடும். மண்டபத்துக்கு அந்த நாளை விற்க நான்கு மாதம் கிடைக்கும்.

ஜி.எஸ்.டி. கட்டிவிட்டதால் திருப்பித் தர முடியாது என்ற காரணமும் சில நேரம் சொல்லப்படுகிறது. பதிவு பெற்ற மண்டபம் முன்பணத்துக்குக் கொடுக்க வேண்டியது பெறுகைச் சீட்டு. சேவை நடக்காமல், பில்லும் போடாமல் பணம் திரும்பினால், அதற்கென்றே திருப்பளிப்புச் சீட்டு போடும் வழியை ஜி.எஸ்.டி. சட்டம் வைத்திருக்கிறது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்யலாம்?

முதலில் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், மறையும் மெசேஜ் வசதியை அணைத்து வைக்க வேண்டும். ரத்து செய்வதைப் போனில் மட்டும் சொல்லாமல் எழுத்திலும் அனுப்ப வேண்டும், ஏனென்றால் எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்கு மேல் போகாத புகார்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

ஒரு வரம்பு உண்டு. ஒரு நிபந்தனையை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று சொல்லி ரத்து செய்யும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்குத்தான். மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற அடிப்படையில்தான் பணத்தைக் கேட்க முடியும். ரூ.30,000-க்காக போடியிலிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ அலைய எத்தனை பேர் தயாராக இருப்பார்கள்?

இதனால்தான் மெசேஜைத் திருத்துவது முக்கியமாகிறது. மண்டபத்துக்காரர் மேலே இருக்கும் மாதிரியில் தன் தொகையையும் தேதியையும் போட அரை மணி நேரம் போதும். அவர் அனுப்பவில்லையென்றால், அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபம் பார்க்கும் குடும்பமே பணம் கட்டும் முன் கேட்கலாம்: "அண்ணே, நாங்க கேன்சல் பண்ணா எந்தத் தேதிக்குள்ள சொன்னா எவ்வளவு திரும்ப வரும்? அதை மெசேஜ்ல போட்டு விட்டுருங்க."